வருடத்துக்கு ஒரு நாள், ஒரு தாள்: ஓய்வுக்காலப் பணத்தை ரீபேலன்ஸ் செய்வது

2009 முடிவில் ஒருவர் தன் ஓய்வுக்காலப் பணத்தில் 60 சதவீதத்தை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்தொடரும் பங்கு ஃபண்டிலும், மீதி 40 சதவீதத்தை அந்த நாட்டுக் கடன் பத்திரங்களை வாங்கும் பாண்டு ஃபண்டிலும் போட்டுவிட்டு பத்து வருடம் அந்தப் பக்கமே திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2019 முடிவில் பங்குப் பகுதி, டிவிடெண்டையும் சேர்த்து, மூன்றரை மடங்குக்குச் சற்று மேலாக வளர்ந்திருக்கும். பாண்டுப் பகுதி ஒன்றரை மடங்கைக்கூடத் தொட்டிருக்காது. கணக்குப் போட்டால் 60:40 என்று ஆரம்பித்தது கிட்டத்தட்ட 79:21 ஆகியிருக்கும். அவர் எதையும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. ஆனால் ஓய்வுக்குப் பத்து வருடம் நெருங்கி வந்த நேரத்தில், ஆரம்பித்தபோது இருந்ததைவிடப் பெரிய ரிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2020 பிப்ரவரி 19-இலிருந்து மார்ச் 23 வரை, ஐந்து வாரத்துக்குள், அந்தக் குறியீடு சுமார் 34 சதவீதம் விழுந்தது. பாண்டுப் பகுதியை அசையாதது என்று எடுத்துக்கொண்டால், 60 சதவீதத்தில் இருந்தவருக்கு நூறு ரூபாய்க்கு இருபது ரூபாய் போயிருக்கும். 79-இல் இருந்தவருக்கு இருபத்தேழு. சந்தை அந்த முறை சீக்கிரமே மீண்டுவிட்டது என்பது பிறகு தெரிந்த விஷயம். மார்ச் மாதத்தில் அது யாருக்கும் தெரியாது. மாதாமாதம் அந்தப் பணத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவருக்கு இருபதுக்கும் இருபத்தேழுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொறுத்திருப்பதா, பயந்து விற்பதா என்பதைத் தீர்மானிக்கும்.

ரீபேலன்சிங் என்று நான் சொல்வது இவ்வளவுதான்: வருடத்தில் ஒரு நாள் கணக்குகளைத் திறந்து, விகிதம் எங்கே போயிருக்கிறது என்று பார்த்து, முதலில் முடிவு செய்த இடத்துக்கே அதைத் திருப்பிக் கொண்டுவருவது. இதனால் லாபம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். மேலே சொன்ன பத்து வருடத்தில் வருடாவருடம் ரீபேலன்ஸ் செய்தவர், சும்மா இருந்தவரைவிடக் குறைவாகத்தான் சேர்த்திருப்பார். ஏனென்றால் ஏறிக்கொண்டே இருந்ததை வருடாவருடம் விற்றிருப்பார். ஏறி இறங்கும் சந்தையில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், நெடுநாள் ஏறும் சந்தையில் குறையலாம். எந்த அளவு ரிஸ்க் என்று நாம் நிதானமாக இருந்தபோது முடிவு செய்தோமோ, அந்த அளவிலேயே நிற்பதற்குத்தான் இந்த வேலை.

என் சொந்தக் கணக்கில் இதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். அக்கா ஓய்வுபெற்ற பிறகு அவள் கணக்கையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தேன். சேர்க்கிற காலத்தில் ரீபேலன்ஸ் செய்வதற்கும் எடுக்கிற காலத்தில் செய்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அப்போதுதான் புரிந்தது. சேர்க்கும்போது புதுப் பணம் வந்துகொண்டே இருக்கும். எது குறைகிறதோ அதில் போட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது, எதையும் விற்க வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு பணம் வெளியே மட்டும்தான் போகும். அதனால் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறோம் என்பதே ரீபேலன்சிங்கின் பாதி ஆகிவிடுகிறது. இந்தப் பாதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அதனால் அக்காவின் கணக்கையே எடுத்து விளக்குகிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக மாற்றியிருக்கிறேன்.

அவளுடைய திட்டம்: 50 சதவீதம் பங்கு, 40 சதவீதம் நிலையான வருமானம் (பாண்டு ஃபண்டும் வங்கி டெபாசிட்டும் இதில் அடங்கும்), 10 சதவீதம் ரொக்கம். இந்த விகிதம் எல்லோருக்கும் சரி என்று சொல்லவில்லை. வேறு நிரந்தர வருமானம் இருக்கிறதா, யாருக்கு எவ்வளவு செலவு, சந்தை விழுந்தால் தூக்கம் வருமா என்பதைப் பொறுத்தது அது. ரீபேலன்ஸ் நாளுக்கு முன்பே விகிதம் எழுதி வைக்கப்பட்டிருந்தால் போதும். அன்றைக்கு உட்கார்ந்து முடிவு செய்தால் அன்றைய செய்திதான் முடிவு செய்யும்.

முதல் வேலை பட்டியல். அக்காவிடம் மூன்று இடங்களில் பணம் இருந்தது. ஓய்வூதியக் கணக்கில் பங்கு ஃபண்ட் 22 லட்சம், பாண்டு ஃபண்ட் 16 லட்சம். சாதாரண முதலீட்டுக் கணக்கில் பங்கு ஃபண்ட் 20 லட்சம், ஒரு ஹைப்ரிட் ஃபண்ட் 8 லட்சம். வங்கியில் டெபாசிட்டுகள் 10 லட்சம், சேமிப்புக் கணக்கில் 4 லட்சம். மொத்தம் 80 லட்சம்.

ஒவ்வொரு கணக்கையும் அக்கா தனித்தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பென்ஷன் கணக்கு பாதுகாப்பா இருக்கணும், இந்தக் கணக்கு வளரட்டும், பேங்க்ல இருக்கறது அவசரத்துக்கு" என்பது அவள் கணக்கு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் செலவு செய்கிறவள் ஒருத்திதான்; சந்தை விழுந்தால் மூன்றும் சேர்ந்துதான் அவளைத் தாங்க வேண்டும். அதனால் மூன்றையும் ஒரே தாளில், ஒரே பணமாக எழுதினோம்.

ஹைப்ரிட் ஃபண்டில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அது பங்கும் பாண்டும் கலந்தது. முழுவதையும் ஒரு பக்கம் எழுதினால் கணக்கு தப்பாகிவிடும். ஃபண்ட் நிறுவனம் வெளியிடும் மாத அறிக்கையில் பங்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அக்காவின் ஃபண்டில் 65 சதவீதம் பங்கு. ஆக 8 லட்சத்தில் 5.2 பங்குப் பக்கம், 2.8 நிலையான வருமானப் பக்கம்.

கூட்டிப் பார்த்தால் பங்கு 22 + 20 + 5.2, அதாவது 47.2 லட்சம், மொத்தத்தில் 59 சதவீதம். நிலையான வருமானம் 16 + 2.8 + 10, அதாவது 28.8 லட்சம், 36 சதவீதம். ரொக்கம் 4 லட்சம், 5 சதவீதம். மூன்று சதவீதமும் கூட்டினால் 100 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கும் பணம் இரண்டு மூன்று நாள் எதிலும் தெரியாமல் இருக்கும். நடுவில் கணக்கெடுத்தால் இப்படித்தான் ஆகும். எல்லாம் முடிந்து அமைதியாக இருக்கும் நாளில் எடுக்க வேண்டும். எல்லாக் கணக்குக்கும் ஒரே தேதியின் மதிப்பு இருப்பது நல்லது.

பங்கு 59 சதவீதம் என்று தாளில் வந்ததும், விற்க வேண்டும் என்றேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"நல்லா காய்க்கிற மரத்தைப் போய் வெட்டச் சொல்றியேடா."

"வெட்டலக்கா, காயைத்தான் பறிக்கிறோம். இந்த வருஷச் செலவுக்கு எங்கேயிருந்து எடுக்கப் போற?"

"டெபாசிட்லேருந்துதான். எப்பவும் அதானே."

அவள் பதிலில்தான் விஷயம் இருந்தது. சந்தை ஏறுகிற வருடங்களில் டெபாசிட்டிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் விகிதம் கெடும். பங்கு தானாக வளர்கிறது. பாதுகாப்பான பகுதி நம் கையாலேயே கரைகிறது. சில வருடங்கள் இப்படிப் போனால், சந்தை விழும் நாளில் விற்பதற்குப் பங்கைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. ஓய்வு ஆரம்பித்த முதல் சில வருடங்களில் சந்தை பெரிதாக விழுந்து, அந்த விலையிலேயே விற்றுச் சாப்பிட வேண்டி வந்தால், பிறகு சந்தை ஏறினாலும் பணம் பழைய நிலைக்கு வருவது கஷ்டம். விற்றுத் தீர்ந்த யூனிட்டுகள் ஏறுவதற்கு அங்கே இருக்காதே. இதைத் தடுப்பதுதான் எடுக்கிற காலத்தில் ரீபேலன்சிங்கின் முதல் உபயோகம்.

அதனால் செலவை முதலில் கழிக்க வேண்டும். அடுத்த வருடத்துக்கு அக்காவுக்குத் தேவை 3 லட்சம். 80-இல் அதைக் கழித்தால் 77. இந்த 77-ஐத்தான் 50, 40, 10 என்று பிரிக்க வேண்டும்: பங்கு 38.5, நிலையான வருமானம் 30.8, ரொக்கம் 7.7. இருப்பதோடு ஒப்பிட்டால் பங்கில் 8.7 லட்சம் அதிகம். நிலையான வருமானத்தில் 2 லட்சம் குறைவு, ரொக்கத்தில் 3.7 லட்சம் குறைவு, செலவுக்கு 3 லட்சம் வேண்டும். இரண்டும் மூன்று புள்ளி ஏழும் மூன்றும் சேர்ந்தால் 8.7. அதிகமும் குறைவும் இப்படிப் பைசா சுத்தமாகப் பொருந்தினால் கூட்டல் சரி என்று அர்த்தம். பொருந்தவில்லை என்றால் ஒரு பைசாவையும் நகர்த்த வேண்டாம், தாளைத் திரும்பப் பாருங்கள்.

எக்ஸெலில் செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு சூத்திரம் போதும். B2-இல் இப்போதைய மதிப்பு, C2-இல் இலக்கு சதவீதம், B10-இல் மொத்தம், B11-இல் எடுக்கப்போகும் தொகை என்றால்:

```
=($B$10-$B$11)*C2-B2
```

விடை கூட்டலில் வந்தால் அவ்வளவு சேர்க்க வேண்டும், கழித்தலில் வந்தால் அவ்வளவு குறைக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு மென்பொருளும் தேவைப்பட்டதில்லை.

இனி எங்கே விற்பது? சாதாரண முதலீட்டுக் கணக்கில் இருக்கும் பங்கு ஃபண்டை விற்றால், பெரும்பாலான நாடுகளில் லாபத்துக்கு வரி உண்டு. ஓய்வூதியக் கணக்குகள் பலவற்றில் அந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அப்போதைக்கு வரி இல்லை. பணத்தை வெளியே எடுக்கும்போதுதான் வரிப் பேச்சு. உங்கள் கணக்கில் விதி என்ன, வருடத்துக்கு எத்தனை முறை மாற்ற விடுவார்கள் என்பதை முன்கூட்டியே படித்துவிடுங்கள். அக்காவின் கணக்கில் தடையில்லை.

அதனால் செய்தது இது. ஓய்வூதியக் கணக்குக்குள் பங்கு ஃபண்டிலிருந்து பாண்டு ஃபண்டுக்கு 8.7 லட்சம் மாற்றினோம். அந்த மாதம் முதிர்ந்த டெபாசிட்டுகளிலிருந்து 6.7 லட்சத்தைச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்தோம். அதில் 3 லட்சம் செலவுக்கு, 3.7 லட்சம் ரொக்க இருப்புக்கு. முடிந்த பிறகு பார்த்தால் பங்கு 38.5. நிலையான வருமானம் 28.8-இலிருந்து 6.7 போய் 8.7 சேர்ந்து 30.8. ரொக்கம் 7.7. சாதாரணக் கணக்கில் ஒரு யூனிட்கூட விற்கவில்லை, அந்த வருடம் இதற்காக வரியும் கட்டவில்லை.

அக்கா ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசில டெபாசிட்லேருந்துதானே எடுத்தோம், நான் சொன்னதையேதானே செஞ்சே?" என்றாள். பணம் கைக்கு வந்த வழி அதுதான். ஆனால் டெபாசிட்டில் குறைந்ததை ஓய்வூதியக் கணக்கின் பாண்டு ஃபண்ட் ஈடுகட்டிவிட்டது; மொத்தமாகப் பார்த்தால் செலவழிந்தது பங்கு. கணக்குகளை ஒரே பணமாகப் பார்க்கப் பழகியவருக்குத்தான் இந்த வழி தெரியும். தனித்தனியாகப் பார்த்திருந்தால் சாதாரணக் கணக்கில் விற்று, வரி கட்டி, அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்போம்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. டெபாசிட் இன்னும் 3.3 லட்சம்தான் இருக்கிறது. அடுத்த வருடம் இதே வித்தை முழுதாகச் செல்லாது. ஓய்வூதியக் கணக்கிலிருந்தோ சாதாரணக் கணக்கிலிருந்தோ எடுத்தே ஆக வேண்டும், வரியும் வரும். வரி கட்ட வேண்டியிருக்கிறது என்பதற்காக ரீபேலன்ஸை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விகிதம் ஒன்றிரண்டு சதவீதம் விலகியிருந்தால் தள்ளிப்போடலாம். பத்து சதவீதம் விலகிய பிறகும் வரியைக் காரணம் காட்டினால், அது வரி பற்றிய பேச்சு இல்லை. விற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். சாதாரணக் கணக்கில் டிவிடெண்டை மறுபடி முதலீடு செய்யாமல் ரொக்கமாக வரும்படி மாற்றிவைத்தால் விற்க வேண்டிய தேவை வருடாவருடம் கொஞ்சம் குறையும். அதற்கும் வரி உண்டா என்று உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு விலகினால் கை வைப்பது? பெரிய பகுதிகளுக்கு நான் வைத்திருப்பது 5 சதவீதப் புள்ளி. 50 இருக்க வேண்டிய இடத்தில் 45-க்கும் 55-க்கும் நடுவில் இருந்தால் மாற்றல் எதுவும் செய்வதில்லை. அந்த வருடச் செலவை மட்டும் அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு மூடிவிடுவேன். 10 சதவீதம் போன்ற சின்னப் பகுதிக்கு இந்த 5 புள்ளி ரொம்பத் தாராளம், பாதி காலியான பிறகுதான் மணி அடிக்கும். அதற்கு இலக்கில் கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம்: 10 என்றால் 7.5-க்குக் கீழே போனாலோ 12.5-ஐத் தாண்டினாலோ கவனிக்க வேண்டும். இப்படி வரம்பு வைத்தால் பல வருடங்களில் பெரிய மாற்றல் எதுவும் தேவைப்படாது. அந்த வருடத்தில் வேலை அரை மணி நேரம்தான்.

ஏன் மாதாமாதம் செய்யக்கூடாது என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் பல மாற்றல்களுக்குச் செலவோ வரியோ உண்டு, பலனோ பெரிதாகக் கூடுவதில்லை. அதோடு ஏறும் சந்தை சில மாதங்கள் ஏறிக்கொண்டே போகும் பழக்கம் உள்ளது. ஒவ்வொரு மாதமும் அதை நறுக்கிக்கொண்டிருப்பது வீண். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, மாதாமாதம் கணக்கைத் திறக்கிறவன் மாதாமாதம் ஏதாவது செய்வான். வருடத்துக்கு ஒரு முறை என்பதிலும் குறை இல்லாமல் இல்லை. 2020-ஐயே பாருங்கள். ஜனவரியில் ரீபேலன்ஸ் செய்யும் வழக்கம் உள்ளவருக்கு மார்ச் வீழ்ச்சியில் மலிவாக வாங்கும் சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. வருட முடிவில் எஸ் அண்ட் பி 500 டிவிடெண்டோடு 18 சதவீதத்துக்கு மேல் ஏறியே முடிந்தது, நடுவில் விழுந்ததன் தடமே தாளில் தெரியாது. அது போகட்டும் என்று விடுவதுதான் இந்த முறையின் விலை. பிறந்தநாள், கணக்கு வருட முடிவு, எது மறக்காதோ அந்தத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். சந்தையைப் பார்த்துத் தேதியை நகர்த்த ஆரம்பித்தால் வருடத்துக்கு ஒரு முறை என்ற ஏற்பாடே போய்விடும்.

ஏறின வருடத்தில் பங்கை விற்பது மனசுக்குக் கஷ்டம். விழுந்த வருடத்தில் வாங்குவதோ வயிற்றைக் கலக்கும். 2008-இல் எஸ் அண்ட் பி 500 டிவிடெண்டையும் சேர்த்து 37 சதவீதம் நஷ்டம், அமெரிக்க பாண்டுகள் சுமார் 5 சதவீதம் லாபம். 60:40-இல் ஆரம்பித்தவர் வருட முடிவில் கிட்டத்தட்ட 47:53-இல் இருப்பார். 100-க்கு 80 மட்டுமே மிச்சமிருக்கும் நேரத்தில், நன்றாக இருக்கும் பாண்டிலிருந்து 10-ஐ எடுத்து, எரிந்துகொண்டிருக்கும் பங்கில் போடச் சொல்கிறது தாள். செய்தவருக்கு 2009 முடிவில் சுமார் 94.5, செய்யாமல் விட்டவருக்கு 92.4. வித்தியாசம் அவ்வளவு பிரமாதம் இல்லை, கவனியுங்கள். பயந்து மொத்தப் பங்கையும் விற்று வெளியேறியவரோடு ஒப்பிட்டால்தான் இடைவெளி பெரிதாகத் தெரியும்.

இதற்காக அக்காவோடு ஒரு ஒத்திகை பார்த்தோம், சந்தை நன்றாக இருந்தபோதே. 77 லட்சம் சரியான விகிதத்தில் இருக்கிறது; அடுத்த வருடம் பங்கு 30 சதவீதம் விழுந்து 27 ஆகிறது, நிலையான வருமானம் 32 ஆகிறது, ரொக்கம் அப்படியே 7.7. மொத்தம் 66.7, பங்கு 40 சதவீதம்தான். செலவுக்கு 3 லட்சத்தை ரொக்கம், நிலையான வருமானம் பக்கமிருந்து எடுத்தாலே பங்கின் விகிதம் 42-க்கு மேல் வந்துவிடும். பாதையில் கொஞ்சம் தூரம் செலவே நம்மைக் கொண்டுபோய்விடுகிறது. ஆனாலும் 50-க்கு இன்னும் ஏழு புள்ளிக்கு மேல் இருக்கிறது. இலக்கைத் தொட ஏறக்குறைய 4.9 லட்சத்துக்குப் பங்கு வாங்க வேண்டும்.

"அந்த நேரத்துல நீ வாங்கச் சொன்னா நான் கேக்கமாட்டேன்" என்றாள் வெளிப்படையாக.

அவள் அப்படிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. விழுந்த நாளில் வந்து சேர வேண்டிய பதில் முன்பே வந்துவிட்டது. இரண்டு மாற்றம் செய்தோம். விழும் வருடத்தில் முழு 4.9-ஐயும் ஒரே நாளில் வாங்காமல் பாதியை அந்தத் தேதியிலும் மீதியை மூன்று மாதம் கழித்தும் வாங்குவது என்று எழுதினோம். கணக்கின்படி இது சிறந்தது என்று வாதிட மாட்டேன், அவளால் செய்ய முடியும் என்பதுதான் அதன் தகுதி. அதுவும் கஷ்டம் என்றால் 50 அவளுக்கு அதிகம், இலக்கை 40 ஆக்க வேண்டும் என்பதையும் எழுதினோம். அந்த மாற்றத்தைச் சந்தை நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டும், விழுந்த பிறகு இல்லை. வயது கூடியதால், செலவு மாறியதால், குடும்ப நிலை மாறியதால் இலக்கை மாற்றுவது நியாயம். சந்தை ஏறியதால் 60 பரவாயில்லை என்பதும், விழுந்ததால் 30 போதும் என்பதும் இலக்கை மாற்றுவது இல்லை. விலைக்குப் பின்னால் ஓடுவது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பார்ப்பது. அந்த வரியில் சந்தை என்ற சொல் வந்தால் பேனாவை மூடிவிடலாம்.

இந்த முறை உதவாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் வட்டி விகிதங்கள் வேகமாக ஏறியதால் அமெரிக்காவில் பங்கு சுமார் 18 சதவீதமும் பாண்டு சுமார் 13 சதவீதமும் சேர்ந்தே விழுந்தன. இரண்டும் ஒரே அளவு விழுந்தால் விகிதம் பெரிதாக மாறாது, ரீபேலன்ஸ் செய்ய ஒன்றும் இருக்காது, நஷ்டம் மட்டும் அப்படியே இருக்கும். அந்த வருடம் உதவியது ரொக்கமும் குறுகிய கால டெபாசிட்டும்தான். அக்காவின் திட்டத்தில் 10 சதவீதத்தை ரொக்கமாக வைத்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று, ரீபேலன்சிங் விழுந்ததை வாங்கச் சொல்கிறது என்றால், விழுந்தது திரும்ப எழும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். டிவிடெண்டைச் சேர்க்காத கணக்கு இது, என்றாலும் முப்பத்து நான்கு வருடம் என்பது ஒருவரின் முழு ஓய்வுக்காலம். ஆகவே பங்குப் பகுதி ஒரே நாட்டில், ஒரே துறையில் குவிந்திருந்தால் ரீபேலன்சிங் அதைக் காப்பாற்றாது. தனி ஒரு நிறுவனத்தின் பங்கு என்றால் கேட்கவே வேண்டாம்: நிறுவனம் பூஜ்யத்துக்குப் போகலாம், நாமும் வருடாவருடம் விகிதத்தைச் சரிசெய்கிறேன் என்று அதில் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருப்போம். பல நாடுகளில் பரவிய ஃபண்டுகளுக்கு நடுவே மட்டும்தான் இதை நான் செய்வேன்.

தாளில் இன்னும் சில வரிகள் எழுதிவைக்கிறோம். தேதி, செய்வதற்கு முன் விகிதம், செய்த மாற்றல்கள், முடிந்த பின் விகிதம், அடுத்த தேதி. எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதிலேயே. அத்தான் இந்த விஷயங்களில் தலையிடுவதில்லை; நானும் அக்காவும் இல்லாவிட்டாலும் அவர் அதைப் பார்த்துச் செய்யும்படி இருக்க வேண்டும் என்று முதல் வருடமே சொன்னார். அதனால் சூத்திரத்தோடு கையால் போட்ட கணக்கும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. மாற்றல்கள் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கணக்குகளைத் திறந்து, பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது மட்டும் தனி வேலை. ஒரு முறை நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு மாற்றல் பாதியில் நின்று, பணம் ஃபண்டில் சேராமல் ரொக்கமாகவே கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம். விற்பது முடிந்த பிறகுதான் வாங்கும் உத்தரவைக் கொடுக்க வேண்டும். ஒரே கணக்குக்குள் மாற்றும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், நடுவில் பணம் அந்தரத்தில் நிற்காது.

இத்தனையும் சிலருக்குத் தேவையே இல்லை. மொத்தப் பணமும், ஓய்வுபெறும் வருடத்தைக் குறிவைத்து நடத்தப்படும் ஒரே டார்கெட் டேட் ஃபண்டிலோ, நிலையான விகிதம் வைத்திருக்கும் ஒரே கலப்பு ஃபண்டிலோ இருந்தால் அந்த ஃபண்டே உள்ளுக்குள் ரீபேலன்ஸ் செய்துகொள்கிறது. டார்கெட் டேட் ஃபண்ட் வருடம் போகப்போகப் பங்கைக் குறைத்துக்கொண்டும் வரும். அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு பங்கு ஃபண்டையும் ஒரு பாண்டு ஃபண்டையும் சேர்த்து வாங்கியிருப்பவர்கள்தான் திண்டாடுகிறார்கள். ஒரு பக்கம் ஃபண்ட் மேலாளர் பங்கை விற்கும்போது இன்னொரு பக்கம் இவர்கள் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஒன்று, எல்லாவற்றையும் அந்த ஒரு ஃபண்டிடம் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதைத் தாளில் ஹைப்ரிட் ஃபண்டை எழுதியதுபோல உடைத்து எழுதுங்கள், ஒவ்வொரு வருடமும் புது சதவீதத்தைப் பார்த்து.